வண்டு குருத்தில், கணக்கு குப்பைக்குழியில்

தென்னையில் புதிதாக விரிந்த மட்டையின் இரு பக்கமும் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோணமாக ஓலை காணாமல் போயிருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை என்று தோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த வெட்டு எப்போது விழுந்தது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. மட்டை குருத்துக்குள் மடங்கிக் கிடந்தபோது வண்டு அதைத் துளைத்துச் சென்றிருக்கிறது. பிறகு அந்தக் குருத்து வளர்ந்து, வெளியே வந்து, விரிந்த பிறகே வெட்டு நம் கண்ணில் படுகிறது. இதற்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நாள் ஓடிவிடுகிறது. வெட்டைப் பார்த்துவிட்டு கம்பிக் கொக்கியோடு மரம் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது காலி ஓட்டைதான். வண்டு தின்று முடித்து, முட்டையிட எங்கோ போய்விட்டிருக்கும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவின் தோப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலில் அந்த வட்டாரமே மரங்களை இழந்தது. விழுந்தவற்றில் ஒரு பகுதியை வெட்டி அகற்றினார்கள். மீதி வாய்க்கால் கரையிலும் வேலியோரத்திலும் கிடந்து மக்கியது. தலை முறிந்து நின்ற மொட்டை மரங்கள் நின்றபடியே உளுத்தன. அதே நிலத்தில் புதிதாகத் தென்னம்பிள்ளைகளும் வைக்கப்பட்டன. காண்டாமிருக வண்டுக்கு வேண்டியவை இரண்டு: முட்டையிட மக்கும் மரமும் எருவும், தின்ன இளங்குருத்து. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டும் அருகருகே ஏராளமாகக் கிடைத்தன.

தோப்பில் வண்டுக்கு எதிராக எதுவுமே செய்யாமல் இருக்கவில்லை. கன்றுகளின் மேல் மட்டை இடுக்குகளில் 45 நாளுக்கு ஒருமுறை மூன்று அந்துருண்டைகள் வைத்து மணலால் மூடுவார்கள். ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானைகளில் வைப்பார்கள். இனக்கவர்ச்சிப் பொறியும் ஒன்று இருந்தது. அதில் வண்டுகள் விழுந்தபடியே இருந்தன. விழுகிற வண்டைப் பார்த்து சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரும், எனக்குக் கவலை வரும். இத்தனை பிடித்தும் அடுத்த வாரம் அதே அளவு விழுகிறதென்றால், எங்கோ ஒரு இடம் ஓயாமல் வண்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த இடம் எருக்குழி. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம். முந்தைய ஆடியிலிருந்து சாணமும் மாட்டுக்கொட்டில் குப்பையும் கொட்டி, கிளறாமல் விட்டிருந்தார்கள். மாசி மாதம் அதைப் பிரித்தோம்.

பிரிப்பதற்கு முன்பு, ஒரு அடி நீள அகல ஆழத்தில் ஒரு கட்டியை மட்டும் மண்வெட்டியால் எடுத்து, தார்ப்பாயில் கொட்டிக் கையால் உதிர்த்தேன். என்ன வயதில் எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல் குழியில் கைவைக்கக் கூடாது என்பது என் எண்ணம். முட்டைகள் கிடைத்தன: வெள்ளை நிறம், மூன்று மில்லிமீட்டர் அளவு. புதியவை நீள்வட்டமாகவும், ஈரம் உறிஞ்சிய பழையவை உருண்டையாகவும் இருந்தன. புழுக்கள் பல அளவுகளில் இருந்தன. இங்கே பலருக்கும் குழப்பம் வருகிறது. உடல் பருமனை வைத்துப் புழுவின் வயதைச் சொல்ல முடியாது, ஏனெனில் தின்னத் தின்ன உடல் பெருக்கிறது. தலை அப்படியல்ல. அது கெட்டியான ஓடு. தோலுரிக்கும்போது மட்டுமே அடுத்த அளவுக்குப் போகும். முதல் பருவத்தில் தலையின் அகலம் சுமார் 2.5 மில்லிமீட்டர், இரண்டாவதில் சுமார் 5, மூன்றாவதில் 10-க்குச் சற்று மேல். அளவுகோலை வைத்துப் பார்த்து மூன்று வாளிகளில் பிரித்தால் வயது தானே தெரிந்துவிடும்.

பிரிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குப்பையில் இருக்கும் வெள்ளைப் புழுவெல்லாம் காண்டாமிருக வண்டின் புழு அல்ல. பூக்களில் மொய்க்கும் சில வண்டுகளின் புழுக்களும் அங்கேதான் வாழ்கின்றன. குப்பையை மக்கச்செய்வதைத் தவிர அவை தென்னைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. சோதனை எளிது: தட்டையான பலகையில் விட்டுப் பாருங்கள். பூ வண்டின் புழு மல்லாந்து படுத்து, கால்களை மேலே தூக்கியபடி முதுகால் நகர்ந்து போகும். தலையும் கால்களும் உடலுக்குப் பொருந்தாத சிறிய அளவில் இருக்கும். காண்டாமிருக வண்டின் புழு பக்கவாட்டில் வளைந்து கிடக்கும், முதுகால் நடக்காது. அதன் தலை பெரிது, கரும்பழுப்பு நிறம். எங்கள் கட்டியில் முதுகால் நடந்தவையும் நிறைய இருந்தன. அவற்றைத் திரும்பக் குப்பையிலேயே விட்டோம்.

வாளிகள் சொன்ன செய்தி இதுதான். சிறிய தலை, நடுத்தரத் தலை, பெரிய தலை மூன்றும் ஒரே குழியில் ஒரே நேரத்தில் இருந்தன. பெரிய தலையே அதிகம். குழியின் அடித்தரையில் கடப்பாரையை இறக்கியபோது, மண்ணுக்குள் கோழிமுட்டை அளவுக் கூடுகள் உடைந்தன. சுவர் வழவழப்பாக இருந்தது, உள்ளே செம்பழுப்புக் கூட்டுப்புழு. ஒன்றின் தலையில் கொம்பின் அச்சு தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு கூட்டில் முழு வண்டே இருந்தது. உறை கழற்றிய பிறகும் உடல் இறுகுவதற்காக இந்த வண்டு ஓரிரு வாரம், சில சமயம் இன்னும் கூடுதலாக, கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

இப்போது நாட்களைக் கணக்கிடலாம். முட்டை பொரிய ஒன்றரை வாரம் அளவு ஆகிறது. முதல் இரண்டு புழுப் பருவங்களும் சேர்ந்து ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம். மூன்றாவது பருவம்தான் நீளமானது, இரண்டு மாதத்திலிருந்து ஐந்து மாதம்வரை கூடப் போகும். தீனி நன்றாகவும் ஈரம் சரியாகவும் இருந்தால் சீக்கிரம் முடியும், தீனி குறைந்தால் இழுக்கும். கூட்டுப்புழு மூன்று வாரம் அளவு. கூட்டுக்குள் உடல் இறுகும் நாட்களையும் சேர்த்தால், முட்டை வண்டாகி வெளியே வர நாலரை முதல் எட்டு மாதம் ஆகிறது. அதில் பெரும்பகுதி எருவுக்குள்ளேயே கழிகிறது. வெளியே வந்த வண்டு சில மாதங்கள் உயிரோடு இருந்து, குருத்துக்கும் குப்பைக்கும் மாறி மாறிப் பறக்கிறது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் ஐம்பதிலிருந்து நூறு முட்டைக்கு மேலும் இடுகிறது. பொறியில் விழும் பெண் வண்டு ஏற்கனவே எத்தனை இட்டுவிட்டு வந்தது என்பதைப் பொறி சொல்லாது. வண்டுகளை மட்டும் கொன்றால், குழியில் வரிசையில் நிற்கும் மற்ற வயதுகள் ஒவ்வொரு மாதமும் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இதனால்தான் வேலையின் வரிசையை, எது முதலில் வெளியேறப் போகிறதோ அதிலிருந்து தொடங்கினோம். பெரும்பாலான தோப்புகளில் நடப்பது வேறு. மெட்டாரைசியம் பாக்கெட் ஒன்றை வாங்கி, கரைத்து, குழியின் மேல் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது நல்ல பூஞ்சாணம்தான், இந்தப் புழுவுக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, உள்ளே பரவிக் கொல்ல இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் கூடு கட்டிவிட்ட கூட்டுப்புழுவை அது எட்டுவது அரிது. கூடு கட்ட இறங்கிக்கொண்டிருக்கும் முற்றிய புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும். முட்டைக்கும் இளம்புழுவுக்கும் மட்டுமே அந்த ஒரு மாதம் ஒரு பொருட்டல்ல. அவை எப்படியும் இன்னும் சில மாதம் அங்கேதான் இருக்கப் போகின்றன.

எனவே முதலில் குழியின் அடித்தரை. எருவை முழுவதும் வாரி வெளியே எடுத்த பிறகு, தரையை ஒரு அடி ஆழத்துக்கு மேலும் வெட்டிப் புரட்டினோம். பக்கச் சுவர்களையும் ஒரு சாண் அளவுக்குச் செதுக்கினோம். முற்றிய புழு எருவை விட்டு விலகி, ஓரத்துக் கெட்டி மண்ணில்தான் கூடு கட்ட விரும்புகிறது. எருவை மட்டும் காலிசெய்துவிட்டுக் குழி சுத்தம் என்று நினைத்தால், அடுத்த ஒன்றரை மாதத்துக்கான வண்டுகள் காலடியிலேயே இருக்கும். உடைந்த கூடுகளைப் பொறுக்கி எடுத்தோம். கையில் பிடித்தால் நெளியும் கூட்டுப்புழு உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது பெரிய தலைப் புழுக்கள். வெளியே எடுத்த எருவைத் தார்ப்பாயில் அரையடி கனத்துக்குமேல் போகாமல் பரப்பி, காலை வெயிலில் விட்டுக் கோழிகளைத் திறந்துவிட்டோம். கரிச்சானும் மைனாவும் தாமாகவே வந்தன. பறவைகள் விட்டதைக் கையால் பொறுக்கினோம். சலித்து முடிக்காத எருவை எந்த மரத்தடிக்கும் கொண்டுபோகவில்லை. புழுவோடு சேர்த்து எருவை வட்டப்பாத்தியில் போட்டு மூடினால், அந்தப் புழுவுக்குச் சாப்பாட்டோடு இடம் மாற்றிக் கொடுத்ததாகிவிடும். அது அங்கேயே வளர்ந்து, மேலே இருக்கும் குருத்துக்கே போய்ச் சேரும்.

மூன்றாவதாகத்தான் பூஞ்சாணம். அளவில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கன மீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்துகள் என்பது தென்னை ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அளவு. கடையில் கிடைத்த பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு 10 கோடி என்று அச்சிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு ஐந்து கிலோ ஆகிறது. எங்கள் குழி ஆறு கன மீட்டர், அதாவது முப்பது கிலோ. ஒரு கிலோ பொட்டலத்தை ஆறு கன மீட்டரில் கரைத்து ஊற்றிவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று சொல்பவர்களின் குறைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த வகுத்தல்தான். பொட்டலத்தில் வித்து எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் பார்க்காமல் வாங்கக் கூடாது.

முப்பது கிலோ வாங்குவதற்குப் பதில் குழியைச் சிறிதாக்கினோம். சலித்த எருவை நிலத்துக்குக் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு கன மீட்டர் மட்டும் புதிய சாணமும் பாதி மக்கிய குப்பையும் கலந்து வைத்தோம். ஐந்து கிலோ பொடியைத் தண்ணீரில் கரைத்து, அடுக்கு அடுக்காகக் கொட்டும்போது ஒவ்வோர் அடுக்கிலும் தெளித்தோம். மேலே மட்டும் ஊற்றினால் வித்து மேல் அரையடியிலேயே தங்கிவிடும், புழுக்கள் அதற்குக் கீழே இருக்கும். மாலையில் தெளித்து, தென்னை மட்டைகளால் மூடினோம். வெயிலும் வறட்சியும் வித்தைக் கொன்றுவிடும். எருவை ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. அந்த ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். சாம்பலோ சுண்ணாம்போ பூஞ்சாணக்கொல்லியோ அந்தப் பக்கம் போகக் கூடாது.

இந்தச் சிறு குவியலை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். எருவே இல்லாத தோப்பில் பெண் வண்டு முட்டையிடாமல் இருந்துவிடாது, பக்கத்துத் தோப்பிலோ உளுத்த மரத்திலோ இட்டுவிட்டுத் தின்ன மட்டும் இங்கே வரும். மருந்திட்ட குவியல் அதை இங்கேயே இட வைக்கும். பொரித்த புழு முதல் நாளிலிருந்தே பூஞ்சாணத்துக்குள் ஊர்ந்து வளர வேண்டியிருக்கும்.

வேலை செய்கிறதா என்பதைக் குவியலைக் கிளறித்தான் பார்க்க வேண்டும். நோய் கண்ட புழு முதலில் மந்தமாகிறது, தோலில் பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. இறந்த உடல் அழுகி நாறாமல் சுண்ணக்கட்டிபோல் இறுகுகிறது. பிறகு அதன்மேல் வெள்ளைப் படலம் ஏறி, சில நாளில் பாசிப்பச்சையாக மாறுகிறது. அந்தப் பச்சைதான் புதிய வித்து. இப்படி இறுகிய புழுக்களை எடுத்து எறியாமல் குவியலுக்குள்ளேயே உதிர்த்துவிட்டோம். கறுத்து, குழைந்து, நாற்றமடிக்கும் புழு வேறு எதனாலோ செத்திருக்கிறது, அதைப் பூஞ்சாணத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. பச்சை ஒன்றுகூடக் கண்ணில் படாமல் புழுக்கள் மட்டும் சுறுசுறுப்பாக நெளிந்தால், வித்து செத்த பொட்டலம் அல்லது காய்ந்த குவியல் என்று பொருள்.

முட்டைக்கு என்று தனியாக எந்த மருந்தும் செய்யவில்லை. ஆனால் அதற்கான வேலை நாட்காட்டியில் இருந்தது. இனி எந்த எருக்குவியலும் மூன்று மாதத்துக்கு மேல் கிளறாமல் இருக்கக் கூடாது என்று முடிவுசெய்தோம். குவியல் போட்ட அன்றே முட்டை விழுந்தாலும் அதிலிருந்து முதல் வண்டு வெளியே வர நாலரை மாதமாவது வேண்டும். மூன்றாம் மாதம் பிரித்தால் உள்ளே இருப்பவை எல்லாம் கையால் பொறுக்கக்கூடிய பருமனில் இருக்கும், மண்ணுக்குள் இறங்கியிருக்காது. ஒரே மாதத்தில் பிரித்தால் முட்டையும் சின்னஞ்சிறு புழுவும் கண்ணுக்குத் தப்பிவிடும், உழைப்புக்கு ஏற்ற பலன் இருக்காது. ஆறு மாதம் விட்டால் காலம் கடந்துவிடும்.

எருக்குழியைவிட மெனக்கெட வைத்தவை உளுத்த மரங்கள். நிற்கும் மொட்டை மரம் மேலிருந்து உள்ளே மக்குகிறது, வெளியே பார்த்தால் கெட்டியாகத் தெரியும். கோடரியின் பின்புறத்தால் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் கொத்திப் பார்த்தால், தூளான சோற்றுப் பகுதியில் மிளகளவு எச்ச உருண்டைகளும் புழுக்களும் இருக்கும். அவற்றை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, காயவைத்து விறகாக்கினோம். பிளக்காமல் துண்டுபோட்டு அடுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு குழியாகிவிடும். அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்க ஆள் கூலி அதிகம், அதனால் அதைப் பகுதி பகுதியாகவே செய்ய முடிந்தது.

இதற்கிடையில் கன்றுகளுக்கு அந்துருண்டையை நிறுத்தவில்லை. ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் வண்டுகள் இன்னும் சில மாதம் உயிரோடு இருக்கும். குருத்துக்காவல் அதுவரைக்கும் வேண்டும். அவை துளைத்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வரும் என்பதால், ஓட்டையில் வண்டைக் குத்தி எடுத்த இடத்தில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து அடைத்தோம். பொறியைக் கன்றுகளை விட்டுத் தள்ளி, வேலி ஓரத்துக்கு மாற்றினோம். வாசனைக்கு வரும் எல்லா வண்டும் பொறியில் விழுந்துவிடாது. விழாதவை பக்கத்தில் இருக்கும் குருத்தில்தான் இறங்கும்.

பலன் உடனே தெரியாது என்பதைச் சித்தப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மாசியில் செய்த வேலைக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் பொறி நிறையத்தான் செய்தது. அவர் கேட்டார்: "இவ்வளவு தோண்டியும் வண்டு குறையவில்லையே தம்பி?" அவை நாங்கள் குழியைத் தொடுமுன்பே வெளியேறியவையும், வெட்டாமல் விட்ட கட்டைகளிலிருந்து வந்தவையும். ஆனிக்குப் பிறகே பொறியில் எண்ணிக்கை தெளிவாக இறங்கியது. மரத்தில் பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தோம்: வேலை தொடங்கிய அன்று ஒவ்வொரு கன்றிலும் அப்போது கடைசியாக விரிந்திருந்த மட்டையின் அடியில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் முதலில் விரியும் சில மட்டைகளில் வெட்டு இருந்தால் அது பழைய கடி. அவற்றையும் தாண்டி வரும் மட்டைகள்தான் எங்கள் வேலைக்கு மதிப்பெண். ஐப்பசிவாக்கில் மேலே வந்த மட்டைகள் பெரும்பாலும் முழுசாக விரிந்தன.

அதே தோப்பில் சுருள் வெள்ளை ஈயும் இருந்தது. 2016-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு, பிறகு தென்னை இருக்கும் இடமெல்லாம் பரவிய பூச்சி. வண்டுக்குச் செய்த கணக்கை இதற்கு அப்படியே போட முடியாது. வண்டின் புழு ஓரிடம், வண்டு வேறோரிடம். வெள்ளை ஈயில் முட்டை, இளம்பூச்சி, ஈ எல்லாம் ஒரே ஓலையின் அடிப்பக்கத்தில்தான். முட்டை சுருள் சுருளாக, மெழுகுத் தூள் மூடியபடி இருக்கும். பொரித்த இளம்பூச்சி சற்று ஊர்ந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, அதன்பிறகு நகராமல் சாற்றை உறிஞ்சும். மஞ்சள் ஒட்டும் பொறி பறக்கிற ஈயை மட்டுமே பிடிக்கிறது, ஒட்டிக்கொண்டு கிடக்கும் இளம்பூச்சிக்கு அது ஒரு தடையே அல்ல.

இளம்பூச்சிதான் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி முட்டையிடும் பருவமும். ஆகவே மருந்தடிக்கலாமா என்று கேட்டபோது, முதலில் ஓலையை வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். காலி ஓடுகளில் ஆங்கில 'T' போலக் கிழிந்திருந்தால் வெள்ளை ஈ வெளியேறியிருக்கிறது. வட்டமாகத் துளையிட்டிருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. எங்கள் ஓலைகளில் வட்டத் துளைகள் கணிசமாக இருந்தன. அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து, மெழுகுக்குள் இருக்கும் முட்டையை விட்டுவிட்டுக் குளவியைக் கொன்றிருக்கும். அதனால் கன்றுகளில் மட்டும் ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டு, வட்டத் துளை அதிகமிருந்த ஓலைத் துண்டுகளைத் துளையே இல்லாத மரங்களில் கட்டினோம்.

இப்போது பாக்கி இருப்பது தோப்புக்கு வெளியே. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இன்னும் நான்கைந்து மொட்டை மரங்கள் நிற்கின்றன, வண்டு வேலியைப் பார்த்துத் திரும்பிவிடாது. பக்கத்துத் தோப்புக்காரரும் நாங்களும் சேர்ந்து, அடுத்த கோடைக்குள் அவற்றைப் பிளந்துவிடப் பேசியிருக்கிறோம். வெளியிலிருந்து டிராக்டரில் வரும் எருவை இறக்கியதும் ஒரு கூடை அள்ளித் தார்ப்பாயில் உதிர்த்து, தலை அளவு பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம்.